நேற்று திறந்த தளம் இன்று ஏன் மிரட்டுகிறது?

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் ஒருவர் காலையில் கைபேசியை எடுத்து, தினமும் பார்க்கும் ஒரு தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்று இரவு வரை ஒழுங்காகத் திறந்த தளம்தான். இன்று சிவப்பு முக்கோணம் ஒன்று வந்து நிற்கிறது. இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல, உங்கள் கடவுச்சொல்லை யாராவது திருடலாம் என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை. அடியில் பொடி எழுத்தில் `NET::ERR_CERT_DATE_INVALID`. தளத்தை யாரும் திருடவில்லை. அதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. பிறகு எதற்கு இந்த மிரட்டல்?

அந்தப் பொடி எழுத்திலேயே விடை இருக்கிறது. `DATE` என்றால் தேதி. தளம் காட்டும் சான்றிதழில் ஒரு தொடக்கத் தேதியும் ஒரு கடைசித் தேதியும் எழுதியிருக்கும். பிரவுசர் கைபேசியின் கடிகாரத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது இரண்டுக்கும் இடையில் இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிடும். ஆகவே சந்தேகப்பட வேண்டியவை இரண்டுதான்: ஒன்று கைபேசியின் தேதி, இன்னொன்று தளத்தின் சான்றிதழ். பேட்டரி முழுக்கத் தீர்ந்துபோன பழைய கைபேசி சில சமயம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்படியானால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். ஒரு தளம் மட்டும் மிரட்டி மற்றவையெல்லாம் திறந்தால், குற்றம் அந்தத் தளத்தை நடத்துகிறவர்களுடையது.

சான்றிதழ் என்ன வேலை செய்கிறது என்பதைக் கடைத் தராசை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மின்னணுத் தராசை எடையளவு ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்கிறார். அதற்கான சான்றிதழைக் கடைக்காரர் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். நமக்கு அந்தக் கடைக்காரரைத் தெரியாது. ஆனால் முத்திரையிட்டவரை நம்புகிறோம், அதனால் தராசை நம்புகிறோம். முத்திரையின் காலம் முடிந்த மறுநாளும் தராசு சரியாகத்தான் நிறுக்கும். ஆனால் அது சரி என்று சொல்ல இப்போது மூன்றாம் ஆள் யாரும் இல்லை. காலாவதியான சான்றிதழின் நிலையும் இதுதான். தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்கம் அப்படியே வேலை செய்யும். அந்தப் பக்கத்தில் இருப்பது உண்மையான தளம்தான் என்பதற்கான உறுதிமொழிதான் காலாவதியாகியிருக்கிறது.

இணையத்தில் முத்திரையிடும் வேலையைச் சான்றளிப்பு நிறுவனங்கள் செய்கின்றன. இன்று மிகப் பெருமளவில் இலவசமாக அதைச் செய்வது லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு. 2015 டிசம்பரில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அது கொடுக்கும் சான்றிதழின் ஆயுள் 90 நாள்தான். ஓராண்டு, ஈராண்டுச் சான்றிதழ்கள் காசுக்குக் கிடைத்த காலத்தில் இலவசமாகக் கொடுப்பவர்கள் ஏன் இவ்வளவு குறுகிய கெடு வைத்தார்கள்?

ஒரு சான்றிதழ் தப்பான கைக்குப் போய்விட்டால் அதைத் திரும்பப் பெறுவது சுலபமல்ல. இந்தியாவிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2014 ஜூலை மாதம், நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவின் பெயரில், கூகுளின் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதை கூகுள் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவற்றை வைத்திருப்பவர் கூகுள் போலவே வேடமிட முடியும். இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் மறுநாளே அந்த மையத்தின் சான்றளிக்கும் உரிமையை ரத்து செய்தார். ஆனாலும் ரத்தான செய்தி உலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது. கூகுள் தன் பிரவுசருக்குத் தனியாக ஒரு தடைப்பட்டியலை அனுப்ப வேண்டியிருந்தது. சொல்லி ரத்து செய்வது இவ்வளவு பாடு என்றால், தானாகவே செத்துப்போகும் சான்றிதழே மேல் என்ற முடிவுக்குத் துறை வந்து சேர்ந்தது. ஆயுள் குறைந்தால் திருட்டுச் சான்றிதழின் பயனும் குறையும்.

அந்தப் போக்கு இன்னும் நிற்கவில்லை. பிரவுசர் நிறுவனங்களும் சான்றளிப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, யார் கொடுக்கும் சான்றிதழானாலும் 2029 மார்ச் 15 முதல் 47 நாளுக்கு மேல் செல்லாது. லெட்ஸ் என்க்ரிப்ட் தன் 90 நாளை 2028 பிப்ரவரியில் 45 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது எட்டுத் தடவை புதுப்பிக்கும் வேலையை நாள்காட்டியில் குறித்து வைத்து மனிதர் செய்ய முடியாது. இயந்திரம்தான் செய்ய வேண்டும்.

அந்த இயந்திரத்தின் பெயர் செர்ட்பாட். மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை என்ற அமெரிக்க அமைப்பு பராமரிக்கும் இலவச மென்பொருள். அது என்ன செய்கிறது என்பதை ஒரு கற்பனைத் தளத்தின் மூலம் பார்ப்போம். விக்கிரமங்கலத்து இளைஞர்கள் சிலர் ஊர்த் திருவிழா அறிவிப்பு, பழைய படங்கள், பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல் என்று ஒரு தளம் நடத்துகிறார்கள். முகவரி `example.in` என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு எடுத்த சர்வர். தளத்தைப் பரிமாறும் மென்பொருள் என்ஜின்எக்ஸ். 2026 ஜனவரி 10 அன்று அவர்கள் சர்வரில் இப்படி ஒரு கட்டளை கொடுக்கிறார்கள்:

```
sudo certbot certonly --webroot -w /var/www/html -d example.in
```

செர்ட்பாட் லெட்ஸ் என்க்ரிப்டிடம் போய், இந்த முகவரிக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்கிறது. முகவரி உன்னுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அந்தப் பக்கம் கேட்கும். கேட்டுவிட்டு, தாறுமாறான எழுத்துகளாலான ஒரு சொல்லைக் கொடுத்து, அதை உன் தளத்தில் `/.well-known/acme-challenge/` என்ற இடத்தில் ஒரு கோப்பாக வை, நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லும். செர்ட்பாட் கோப்பை வைக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்டின் கணினிகள் 80-ஆம் எண் வாயில் வழியாக வந்து அதைப் படிக்கின்றன. ஒரே இடத்திலிருந்து வந்தால் வழியில் யாராவது ஏமாற்றிவிடலாம் என்பதால், உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஒரே சமயத்தில் வந்து பார்க்கின்றன. எல்லோருக்கும் அதே சொல் தெரிந்தால், அந்த முகவரியின் சர்வர் கேட்டவர் கையில்தான் இருக்கிறது என்பது உறுதி. சான்றிதழ் கிடைத்துவிடும். சில நொடி வேலை.

இதன் கடைசித் தேதி ஏப்ரல் 10. செர்ட்பாட் நிறுவும்போதே ஒரு நேரக்குறிப்பானையும் அமைத்துவிடும். அது தினம் இரண்டு வேளை செர்ட்பாட்டை எழுப்பும். எழுந்தவுடன் செர்ட்பாட் பார்ப்பது ஒன்றுதான்: இன்னும் எத்தனை நாள் பாக்கி? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆயுள் இருந்தால் ஒன்றும் செய்யாமல் மறுபடி தூங்கப் போய்விடும். 90 நாள் சான்றிதழுக்கு அந்த எல்லை 30 நாள். ஆகவே ஜனவரி 10 முதல் இரண்டு மாதம் அது சும்மா விழித்துத் தூங்கும். மார்ச் 11 அன்றுதான் முதல்முறையாகப் புதுப்பிக்க முயலும். தோற்றால் அன்றே இன்னொரு முறை, மறுநாள் இரண்டு முறை என்று ஏப்ரல் 10 வரை சுமார் அறுபது வாய்ப்புகள் அதற்கு உண்டு.

இவ்வளவு தாராளமான ஏற்பாடு எப்படித் தோற்கும்? அறுபது வாய்ப்பும் ஒரே காரணத்துக்காகத் தோற்றால் அறுபதும் ஒன்றுதான். நம் கதையில் பிப்ரவரி மாதம் தளத்துக்கு வெளிநாட்டுக் கணினிகளிலிருந்து குப்பைக் கோரிக்கைகள் குவிகின்றன. நம் தளத்தைப் பார்க்கிறவர்கள் இங்கேதானே இருக்கிறார்கள் என்று, இந்தியாவுக்கு வெளியே இருந்து வரும் எல்லாவற்றையும் ஒருவர் சர்வரின் தடுப்பரணில் அடைத்துவிடுகிறார். தளம் முன்னைவிட வேகமாக ஓடுகிறது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் முத்திரையிட வருகிற லெட்ஸ் என்க்ரிப்டின் கணினிகளும் வெளிநாட்டில்தான் இருக்கின்றன. மார்ச் 11 வந்ததும் செர்ட்பாட் கோப்பை வைக்கிறது, வந்து படிக்க யாராலும் முடியவில்லை. சர்வரின் பதிவேடான `/var/log/letsencrypt/letsencrypt.log` கோப்பில் ஒரு வரி விழுகிறது:

```
Timeout during connect (likely firewall problem)
```

காரணத்தைக்கூட அதுவே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தப் பதிவேட்டை யாரும் திறப்பதில்லை. தினம் இரண்டு முறை அதே வரி விழுந்துகொண்டே இருக்கிறது. தளம் ஒழுங்காகத்தான் திறக்கிறது, ஏனென்றால் பழைய சான்றிதழுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. தவறு நடந்தது பிப்ரவரியில், வெளியே தெரியப்போவது ஏப்ரலில். இந்த இடைவெளிதான் தானியங்கிப் புதுப்பிப்பின் பெரிய ஆபத்து. சான்றிதழில் எழுதியிருப்பது கிரீன்விச் நேரம். `Apr 10 04:12:33 2026 GMT` என்று இருந்தால் நம் நேரப்படி காலை 9 மணி 42 நிமிடம் 33 நொடி. சித்திரைத் திருவிழா அறிவிப்பைப் பார்க்க எல்லோரும் தளத்துக்கு வரும் வாரத்தில், அந்த நொடியிலிருந்து சிவப்பு முக்கோணம்.

2025 ஜூன் 4 வரை இதற்கு ஒரு காப்பு இருந்தது. கடைசித் தேதி நெருங்கினால் லெட்ஸ் என்க்ரிப்டே மின்னஞ்சல் அனுப்பி நினைவூட்டும். அன்றோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். இப்போது கண்காணிப்பது தளத்தை நடத்துகிறவர் பொறுப்பு.

கண்காணிப்பு எங்கிருந்து நடக்க வேண்டும்? சர்வருக்கு வெளியிலிருந்து. பார்வையாளர் எந்த வழியாக வருகிறாரோ அதே வழியாக வந்து, தளம் எந்தச் சான்றிதழைக் காட்டுகிறது, அதன் கடைசித் தேதி என்ன என்று படிக்க வேண்டும். வேறொரு கணினியில் தினம் ஒருமுறை ஓடும்படி இப்படி ஒரு சிறு நிரல் போதும்:

```
#!/bin/sh
D=example.in
if ! echo | openssl s_client -connect $D:443 -servername $D 2>/dev/null \
  | openssl x509 -noout -checkend 1728000 >/dev/null 2>&1
then
  echo "$D சான்றிதழைப் பாருங்கள்" | mail -s "$D" admin@example.com
fi
```

இதில் 1728000 என்பது 20 நாளின் நொடிக்கணக்கு. இன்னும் 20 நாளில் சான்றிதழ் காலாவதியாகும் என்றால் மின்னஞ்சல் போகும். சர்வரைத் தொடர்புகொள்ளவே முடியாவிட்டாலும் போகும், அது நல்லதுதான். அஞ்சல் பெறும் முகவரி மட்டும் கண்காணிக்கப்படும் சர்வரிலேயே இருக்கக் கூடாது. நிரல் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு அப்டைம் கூமா போன்ற இலவசக் கண்காணிப்பு மென்பொருள்கள் இதே வேலையைச் செய்யும்.

ஏன் 20 நாள்? எல்லாம் ஒழுங்காக நடந்தால் 90 நாள் சான்றிதழின் பாக்கி ஆயுள் 30-க்குக் கீழே இறங்கவே கூடாது. 30-ஐத் தொட்டதும் புதுப்பிப்பு நடந்து மறுபடி 90-க்கு ஏறிவிடும். அது 20-க்கு இறங்கியிருக்கிறது என்றால் பத்து நாளாக, இருபது முயற்சிகள் தோற்றிருக்கின்றன என்று பொருள். ஒருநாள் நெட்வொர்க் கோளாறு அல்ல, நிஜமான பழுது. சரிசெய்ய இன்னும் 20 நாள் கையில் இருக்கிறது. அதே 20-ஐ 45 நாள் சான்றிதழுக்கு வைத்தால் கதை வேறு. அங்கே புதுப்பிப்பே 15 நாள் பாக்கியில்தான் நடக்கும் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சில நாள் பொய் எச்சரிக்கை வரும். பொய் எச்சரிக்கை பழகிவிட்டால் மெய் எச்சரிக்கையையும் யாரும் பார்க்க மாட்டார்கள். அப்போது எல்லையைப் பத்து நாளாகக் குறைக்க வேண்டும். செர்ட்பாட்டின் நேரக்குறிப்பானை விட்டுவிட்டு, 60 நாளைக்கு ஒருமுறை புதுப்பி என்று கையால் எழுதி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பெரிய சிக்கல். 45 நாள் சான்றிதழ் வந்ததும் அவர்கள் தளம் ஒவ்வொரு சுற்றிலும் பதினைந்து நாள் படுத்துவிடும்.

நம் கதைக்கு வருவோம். மார்ச் 21 காலை எச்சரிக்கை அஞ்சல் வருகிறது. இளைஞர்களில் ஒருவர் பதிவேட்டைத் திறந்து காரணத்தைப் பார்த்துவிடுகிறார். லெட்ஸ் என்க்ரிப்ட் எந்தெந்த முகவரிகளிலிருந்து வருகிறது என்பதை வெளியிடுவதில்லை, அடிக்கடி மாற்றவும் செய்யும். அதனால் அவர்களை மட்டும் உள்ளே விடு என்று தடுப்பரணிடம் சொல்ல வழியில்லை. 80-ஆம் வாயிலை எல்லோருக்கும் திறந்துவிட்டு, குப்பைக் கோரிக்கைகளை என்ஜின்எக்ஸ் மட்டத்தில் தடுப்பதுதான் தீர்வு. திறந்தபின் முதலில் ஓர் ஒத்திகை:

```
sudo certbot renew --dry-run
```

இது சோதனைக்கென்றே இருக்கும் வேறொரு சர்வரிடம் போய்க் கேட்கும், நிஜச் சான்றிதழைத் தொடாது. நிஜ சர்வரிடம் பதற்றத்தில் திரும்பத் திரும்ப முட்டினால், ஒரு முகவரிக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தோல்விக்கு மேல் அது நம்மைக் காத்திருக்க வைத்துவிடும். ஒத்திகை வெற்றி. பிறகு நிஜமாகவே புதுப்பிக்கிறார்கள். `sudo certbot certificates` என்று கேட்டால் புதிய கடைசித் தேதி ஜூன் 19, பாக்கி 89 நாள் என்று வருகிறது. வேலை முடிந்தது என்று எழுந்துவிடத் தோன்றும்.

மறுநாள் காலை அதே எச்சரிக்கை அஞ்சல் மறுபடி வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தளம் இன்னும் ஏப்ரல் 10 சான்றிதழைத்தான் காட்டுகிறது. உள்ளே ஜூன் 19, வெளியே ஏப்ரல் 10. இரண்டுமே உண்மை. என்ஜின்எக்ஸ் சான்றிதழைத் தான் தொடங்கும்போது ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். வட்டில் கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. ஆய்வாளர் கொடுத்த புதிய சான்றிதழ் கல்லாப்பெட்டியில் இருக்க, சுவரில் பழையதே தொங்குகிற நிலை. `certonly` என்று கேட்டபோதே, சான்றிதழை மட்டும் வாங்கிக் கொடு, மாட்டுவது என் பொறுப்பு என்று இவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் மாட்டுவதற்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. முதல்முறை கையால் மாட்டினார்கள், அதனால் குறை தெரியவில்லை. `certbot --nginx` என்று தொடங்கியிருந்தால் மாட்டுவதையும் செர்ட்பாட்டே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏற்பாடு எளியது. `/etc/letsencrypt/renewal-hooks/deploy/` என்ற இடத்தில் ஒரு சிறு கோப்பை வைத்து, அதற்கு இயங்கும் அனுமதியும் கொடுத்தால், ஒவ்வொரு புதுப்பிப்பும் வெற்றியடைந்த பிறகு செர்ட்பாட் அதை ஓட்டும்:

```
#!/bin/sh
systemctl reload nginx
```

`reload` என்றால் தளத்தை நிறுத்தாமல், அமைப்புகளையும் சான்றிதழையும் புதிதாகப் படிக்கச் சொல்வது. பார்த்துக்கொண்டிருப்பவர் யாருக்கும் இணைப்பு அறாது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. `--dry-run` ஒத்திகையில், தனியாகக் கேட்டாலொழிய இந்தக் கோப்பு ஓடாது. ஆகவே ஒத்திகை வெற்றி என்பதால் கடைசிப் படியும் சரி என்று ஆகிவிடாது. அந்தக் கோப்பைத் தனியே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கதையில் செர்ட்பாட் இரண்டு தடவை தன்னளவில் சரியாகத்தான் நடந்துகொண்டது. முதல் தடவை தோல்வியைப் பதிவேட்டில் எழுதியது, இரண்டாம் தடவை வெற்றியை எழுதியது. இரண்டு தடவையும் பார்வையாளர் நிலை என்ன என்பது அந்தப் பதிவில் இல்லை. அதைச் சொன்னது வெளியிலிருந்து பார்த்த ஏழு வரி நிரல். அந்த நிரலுக்கும் வரம்பு உண்டு. அது தேதியை மட்டுமே பார்க்கிறது. சான்றிதழில் உள்ள பெயர் தளத்தின் பெயரோடு பொருந்துகிறதா, இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டுப்போனதா என்றெல்லாம் பார்க்காது. அதற்குக் கூடவே `curl -sS https://example.in/ >/dev/null` என்று ஒரு வரி ஓட்டினால், பெயர் பொருந்தாவிட்டாலும் சங்கிலி அறுந்திருந்தாலும் பிழை கூவும்.

கண்காணிக்கும் கணினியே நின்றுபோனால்? அப்போதும் அஞ்சல் வராது, எல்லாம் நலம் என்று நினைத்துவிடுவோம். பழுது இருந்தால் மட்டும் பேசும் காவலாளியின் மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. அதனால் வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், இன்னும் இத்தனை நாள் பாக்கி என்று ஒரு சாதாரண அஞ்சலையும் அனுப்பச் செய்யுங்கள். திங்கட்கிழமை அஞ்சல் வராவிட்டால் காவலாளியைப் போய்ப் பாருங்கள்.

நீங்கள் ஏதாவது தளத்துக்குப் பொறுப்பாளர் என்றால், இன்று இரண்டு வேலை செய்யுங்கள். சர்வரில் `systemctl list-timers` என்று அடித்து, செர்ட்பாட்டின் பெயரும் அடுத்து ஓடப்போகும் நேரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சர்வரை விட்டு வெளியே வந்து, வேறொரு கணினியிலிருந்து உங்கள் தளத்தின் கடைசித் தேதியைப் படியுங்கள். சர்வர் சொல்லும் தேதியும் வெளியே தெரியும் தேதியும் ஒன்றாக இல்லாவிட்டால், வெளியே தெரிவதையே நம்புங்கள். உங்கள் பார்வையாளர்களின் பிரவுசர் பார்ப்பது அதைத்தான்.